மதி நிறைவும் அறுமீனும்: கார்த்திகை விளக்கீட்டு நாள் அமையும் முறை

2024ஆம் ஆண்டின் நாள்காட்டியைக் கூர்ந்து நோக்கியவர்க்கு ஓர் ஐயம் எழுந்திருத்தல் கூடும். அவ்வாண்டு நவம்பர் 16, சனிக்கிழமை, கார்த்திகைத் திங்களின் முதல் நாள். அன்று மாலை கார்த்திகை விண்மீன் நடப்பில் இருந்தது. அதற்கு முந்தைய இரவுதான் முழுமதி. ஆயினும் அன்று எக்கோயிலிலும் விளக்கீட்டு விழா நிகழவில்லை. திருவண்ணாமலையின் மலையுச்சித் தீபம் டிசம்பர் 13, வெள்ளிக்கிழமை ஏற்றப்பட்டது. தூத்துக்குடியின் வீட்டு வாயில்களிலும் அன்றுதான் அகல்கள் ஒளிர்ந்தன. ஆனால் டிசம்பர் 13 அன்று பௌர்ணமி இல்லை. அது டிசம்பர் 15 அன்று நிறைவுற்றது.

முழுமதியும் கார்த்திகை மீனும் கூடும் நாளே விளக்கீட்டு நாள் என்று சிறு வயது முதல் கேட்டு வந்தோர்க்கு இது முரணாகவே தோன்றும். இரண்டும் கூடிய இரவை விடுத்து, கூடாத இரவைக் கொண்டது எவ்வாறு? இவ்வினாவிற்கு விடை காண்பதே இவ்விழாவின் நாட்கணக்கை அறிவதாகும்.

சங்கப் புலவர் கண்ட விழா

இவ்விழாவின் பழமைக்குச் சான்றாக அறிஞர் காட்டுவது அகநானூற்றின் 141ஆம் பாட்டு. பாடியவர் மதுரையைச் சார்ந்த நக்கீரர். பொருள் தேடிப் பிரிந்த தலைவன், மூதூரில் பலரும் கூடி எடுக்கும் விளக்கு விழாவைத் தன்னுடன் இருந்து கொண்டாட வந்து சேர வேண்டும் எனத் தலைவி விழைவதாக அமைந்தது அப்பாட்டு. அதில் புலவர் விழா நாளுக்கு இரண்டு அடையாளங்களைத் தருகிறார். ஒன்று, மதி நிறைந்திருத்தல். மற்றொன்று, அம்மதியுடன் அறுமீன் சேர்ந்திருத்தல். பொழுதோ நள்ளிரவு.

இம்மூன்று குறிப்புகளும் ஒன்றோடொன்று இசைந்தவை. முழுமதி எப்போதும் சூரியனுக்கு நேர் எதிரே நிற்கும். ஆதலின் அது மாலையில் கிழக்கே எழுந்து நள்ளிரவில் உச்சியை அணுகும். அம்மதியை ஒட்டி நிற்கும் மீன் கூட்டமும் நள்ளிரவில்தான் உச்சியை அடையும். ஆகவே அறுமீன் நள்ளிரவில் முழுமதியுடன் உயர்ந்து நிற்க வேண்டுமாயின், சூரியன் அறுமீனுக்கு எதிர்ப்புறத்தில் இருத்தல் வேண்டும். அத்தகைய நிலை ஆண்டுக்கு ஒரு முறையே வரும். ஒரே காட்சியில் திங்களையும் நாளையும் பொழுதையும் புலவர் அடக்கிவிட்டார் எனலாம்.

சமணப் பெருங்காப்பியமாகிய சீவக சிந்தாமணியிலும் திருத்தக்க தேவர் குன்றின்மேல் இட்ட கார்த்திகை விளக்கை உவமையாக ஆண்டுள்ளார். உவமை என்பது கேட்போர் அறிந்த பொருளைக் கொண்டே அறியாததை விளக்குவது. எனவே அவர் காலத்தில் மலைமேல் கார்த்திகை விளக்கிடுதல் நாடறிந்த வழக்காக இருந்தது என்பது தெளிவு.

நக்கீரர் வாழ்ந்த பாண்டி நாட்டின் பெருந்துறை, தாமிரபரணியின் கழிமுகத்தில் அமைந்திருந்த கொற்கை. அதன் முத்துக்குளிப்பைச் சங்கப் பாடல்களும், கிரேக்கக் கடற்பயண நூலாகிய பெரிப்ளுசும் குறிக்கின்றன. அக்கொற்கை இன்று கடலை விட்டு விலகிய சிற்றூராகத் தூத்துக்குடி மாவட்டத்துள் உள்ளது. இக்கடற்கரைக்குக் கிழக்கே மறைக்கும் மலையோ மரமோ இல்லை. மாலையில் எழும் மதியும் மீனும் நீர்விளிம்பிலேயே தோன்றும். சூரியனுக்கு எதிரே ஒரு மீன் எழுவதைக் காண இதனினும் தக்க இடம் அரிது.

இங்கு ஒன்றைக் கருதுதல் நலம். கார்த்திகைத் திங்கள் முத்துக்குளிப்புக்கு உரிய காலம் அன்று. வாடைக்காற்றும் ஆற்று வெள்ளமும் கடலைக் கலக்கும் பருவம் அது. கடல் அமைந்து நீர் தெளியும் பங்குனி, சித்திரைத் திங்கள்களிலேயே பார்களில் முத்துக்குளிப்பு நிகழ்ந்தது. 1961ஆம் ஆண்டுடன் தூத்துக்குடியில் அஃது ஓய்ந்தது. கார்த்திகையில் அந்திப் பொழுதில் கிழக்கே எழும் அறுமீன், பங்குனியில் அதே அந்தியில் மேற்கு வானில் நிற்கும். சித்திரையில் மேலும் தாழும். வைகாசியில் சூரிய ஒளியில் மறைந்து போகும். ஆண்டின் ஓட்டத்தை அந்தி வானில் அறுமீன் நிற்கும் இடத்தைக் கொண்டே அளந்துவிடலாம்.

இரண்டு கணக்குகளின் சந்திப்பு

தமிழ்த் திங்கள் சூரியனைப் பற்றியது. சூரியன் ஓர் இராசியினுள் புகும்போது திங்கள் தொடங்கும். அதனை விட்டு நீங்கும்போது முடியும். சூரியன் விருச்சிகத்தில் இருக்கும் காலமே கார்த்திகைத் திங்கள். நவம்பர் நடுவில் தொடங்கி டிசம்பர் நடுவில் முடியும் இதன் அளவு ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாள்.

நாள்மீனோ மதியைப் பற்றியது. மதி செல்லும் வட்டமாகிய 360 பாகையை முன்னோர் 27 சம பங்குகளாகப் பகுத்தனர். ஒவ்வொரு பங்கும் 13 பாகை 20 கலை. மேட இராசியின் தொடக்கத்திலிருந்து எண்ணினால் அசுவினி, பரணி ஆகிய இரண்டும் கழிந்து, 26 பாகை 40 கலையில் கார்த்திகை தொடங்கி 40 பாகையில் முடியும். மதி இவ்வெல்லையைக் கடக்கும் காலத்தையே பஞ்சாங்கம் கார்த்திகை நட்சத்திரம் என்று அச்சிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் அறுமீன் கூட்டம் அவ்வெல்லையின் பிற்பகுதியில், சுமார் 36 பாகையில் உள்ளது.

ஓர் இராசி 30 பாகை ஆதலின், கார்த்திகையின் நான்கு பாதங்களுள் முதற்பாதம் மட்டும் மேடத்தில் அடங்கும். எஞ்சிய மூன்று பாதங்களும் இடபத்தின் முதல் 10 பாகையில் உள்ளன. சோதிடம் பயின்றோர் அனைவரும் அறிந்த இச்செய்தியில்தான் விளக்கீட்டு நாளின் நுட்பம் முழுவதும் அடங்கியுள்ளது.

முழுமதி சூரியனுக்கு எதிரே 180 பாகையில் நிற்கும் என்று கண்டோம். இடபத்திற்கு எதிர் இராசி விருச்சிகம். மேடத்திற்கு எதிர் இராசி துலாம். ஆகவே மதி இடபத்தின் முதல் 10 பாகையில் நிறைவுற வேண்டுமாயின், சூரியன் விருச்சிகத்தின் முதல் 10 பாகையில் இருத்தல் வேண்டும். அஃதாவது, கார்த்திகைத் திங்களின் முதல் பத்து நாள்களுக்குள் பௌர்ணமி வந்தால் மட்டுமே அது கார்த்திகை மீனில் நிகழும். பதினோராம் நாளுக்குப் பின் வரும் பௌர்ணமி ரோகிணியில் அமையும். திங்களின் கடைசி ஏழு நாள்களில் வருமாயின் மிருகசீரிடத்தில் அமையும்.

பௌர்ணமி ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முன்னோக்கி நகர்ந்து, பின்னர் ஒரு திங்கள் அளவு பின்னே தாவி, கார்த்திகைத் திங்களின் எல்லா நாள்களிலும் மாறி மாறி விழும். எனவே மீனும் முழுமதியும் துல்லியமாக ஒன்றுகூடுவது மூன்று ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு முறையே. ஏனைய ஆண்டுகளில் கார்த்திகை மீன், பௌர்ணமிக்கு ஒருநாளோ இரண்டு நாளோ முன்னதாகவே வந்துவிடும். அந்நிலையில் விழா மீனைப் பற்றி நிற்கும். மதியின் நிறைவைப் பற்றி நில்லாது. முழுமதிக்கு அண்மையில் உள்ள கார்த்திகை மீன் நாளே விளக்கீட்டு நாள் என்பதுதான் நடைமுறை விதி.

விளக்கு மாலையில் ஏற்றப்படுவது. ஆதலின், காலையில் எந்த மீன் நடப்பில் உள்ளது என்பதை நோக்காது, அந்தியில் எந்த மீன் உள்ளது என்பதையே நோக்குவர். ஆகத் திங்கள், மீன், மதியின் அண்மை, அந்தி ஆகிய நான்கையும் பொருத்தியே நாள் குறிக்கப்படுகிறது.

மூன்று ஆண்டுகள், மூன்று நிலைகள்

அண்மைய மூன்று ஆண்டுகளைத் திருக்கணித முறையில் எடுத்து நோக்கினால் இவ்விதி எவ்வாறு செயற்படுகிறது என்பது விளங்கும்.

2023ஆம் ஆண்டு எளிய நிலை. நவம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கார்த்திகைத் திங்கள் 10ஆம் நாள். அன்று பிற்பகல் 2 மணியளவில் கார்த்திகை மீன் தொடங்கியது. 4 மணிக்குச் சற்று முன் பௌர்ணமி தொடங்கியது. இரண்டும் மறுநாள் பிற்பகலில் முடிந்தன. இடைப்பட்ட அந்தி ஒன்றே. அவ்வந்தியில் இரண்டும் உடனிருந்தன. ஐயத்திற்கு இடமே இல்லை.

2024ஆம் ஆண்டு நாம் தொடங்கிய ஐயத்திற்குரிய ஆண்டு. மதி நவம்பர் 16 அதிகாலை 2 மணி 58 நிமிடத்திற்கு நிறைவுற்றது. அப்போது அது கார்த்திகையின் முதற்பாதத்தின் விளிம்பில் நின்றது. மீனும் மதியும் உண்மையாகவே கூடின. ஆனால் முதற்பாதம் மேடத்தைச் சார்ந்தது. எனவே சூரியன் இன்னும் துலாத்தின் விளிம்பில்தான் இருந்தான். அவன் விருச்சிகம் புகுந்தது அன்று காலை 7 மணி 41 நிமிடத்திற்கே. அக்கூட்டம் ஐப்பசித் திங்களுக்கு உரியதாகிவிட்டது. ஐந்து மணி நேரத்திற்கும் குறைவான இடைவெளி, விழாவை நான்கு வாரம் தள்ளிவைத்தது.

அன்று மாலை, அஃதாவது கார்த்திகை முதல் நாள் அந்தியில், மீன் இன்னும் நடப்பில் இருந்தது. இரவு ஏழரை மணியளவிலேயே முடிந்தது. ஆயினும் பௌர்ணமி கழிந்து மதி தேயத் தொடங்கிவிட்டது. அந்தத் திங்களின் பௌர்ணமியோ இன்னும் வரவில்லை. மதி மீன் வட்டத்தை ஒரு முறை சுற்றிவர 27 நாளும் 8 மணி நேரமும் ஆகும். திங்களோ இருபத்தொன்பதரை நாள் நீளமுடையது. ஆகவே திங்களின் முதலில் வந்த மீன் கடைசியில் மீண்டும் வர இடம் உண்டு. 2024இல் அவ்வாறே வந்தது. டிசம்பர் 13 காலை 8 மணிக்குச் சற்று முன் தொடங்கி, மறுநாள் விடியுமுன் வரை கார்த்திகை மீன் இருந்தது. அத்திங்களின் பௌர்ணமி டிசம்பர் 15 அன்று, கார்த்திகை 30ஆம் நாள், மிருகசீரிட மீனில் நிறைவுற்றது. முழுமதியை நோக்கி வளரும் மதியோடு வந்த இரண்டாவது கார்த்திகையே கொள்ளப்பட்டது. அன்று அந்தியில் நடப்பில் இருந்த திதி திரயோதசி.

அவ்விரவு மதி வட்டத்தில் நூற்றுக்குச் சுமார் 96 பங்கு ஒளிர்ந்தது. குறையைக் கண்ணால் உணர்வது அரிது. நள்ளிரவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னர் மதி அறுமீனை மிக நெருங்கிச் சென்றது. கணக்கில் இரண்டு நாள் குறை இருப்பினும், காட்சியில் நக்கீரர் கூறியது பெரும்பாலும் நிறைவேறியது எனலாம்.

2025ஆம் ஆண்டு அந்தியின் இன்றியமையாமையைக் காட்டும். பௌர்ணமி டிசம்பர் 4 காலை தொடங்கி, 5ஆம் நாள் விடியுமுன் முடிந்தது. கார்த்திகை மீனோ டிசம்பர் 3 மாலை 5 மணி 59 நிமிடத்திற்குத் தொடங்கி, 4ஆம் நாள் பிற்பகல் 3 மணியளவில் முடிந்துவிட்டது. மதி அந்நாள்களில் பூமிக்கு அண்மையில் இருந்தமையால் விரைந்து சென்றது. ஆகவே மீனின் அளவு 21 மணி நேரமாகச் சுருங்கியது. 4ஆம் நாள் அந்தியில் பௌர்ணமி உண்டு, கார்த்திகை இல்லை. 3ஆம் நாள் தூத்துக்குடியில் சூரியன் மறைந்த சில நிமிடங்களில் கார்த்திகை தொடங்கியது. எனவே விழா 3ஆம் நாளுக்கே உரியதாயிற்று. பௌர்ணமியே முதன்மை என்று கொண்டிருந்தால் விழா 4ஆம் நாளுக்குச் சென்றிருக்கும்.

கார்த்திக பூர்ணிமையும் கார்த்திகை விளக்கீடும்

நம் சமூகத்தாரிடையே அடிக்கடி எழும் மற்றொரு மயக்கத்தையும் இங்கே தீர்த்துக்கொள்ளலாம். வடநாட்டு மரபில் கார்த்திக பூர்ணிமை என்னும் நாள், சாதுர்மாசியம் நிறைவெய்திச் சத்துருஞ்சய மலை யாத்திரை மீண்டும் தொடங்கும் நாளாகப் போற்றப்படுகிறது. அது 2023இல் நவம்பர் 27 அன்று, விளக்கீட்டிற்கு மறுநாள் வந்தது. 2024இல் நவம்பர் 15 அன்று, விளக்கீட்டிற்கு நான்கு வாரம் முன்னரே வந்தது. பெயர் ஒன்றாயினும் கணக்கு வேறு. அங்கே திங்கள் என்பது மதியின் பிறையைப் பற்றியது.  இங்கே திங்கள் சூரியனைப் பற்றியது. மதியும் மீனும் அதனுள் வந்து பொருந்த வேண்டும். இரண்டிற்கும் மூலம் அறுமீனே. பூர்ணிமை, சூரியன் விருச்சிகம் புகுந்த பின் வரும் ஆண்டுகளில் இரண்டு விழாக்களும் அடுத்தடுத்து அமையும். முன்னர் வரும் ஆண்டுகளில் ஒரு திங்கள் அளவு பிரிந்து நிற்கும்.

சோழி கொண்டு கணித்தவர்

கார்த்திகைத் திங்களில் தென்கடற்கரை வானம் பெரும்பாலும் மழை முகிலால் மூடப்பட்டிருக்கும். கண்ணால் கண்டு நாள் குறிப்பது எல்லா ஆண்டும் இயலாது, கணக்கே துணை. அக்கணக்கைத் தமிழ்நாட்டுப் பஞ்சாங்க ஆசிரியர்கள் வாக்கியம் எனப்படும் மனப்பாடத் தொடர்களில் பொதிந்து வைத்திருந்தனர். மதி சில நாள் விரைந்தும் சில நாள் மெலிந்தும் செல்லும்; அவ்வேறுபாடு 248 நாளுக்கு ஒரு முறை ஏறக்குறைய அவ்வாறே மீளும். அந்த 248 நாளுக்கும் நாளுக்கொன்றாக மதியின் இருப்பிடத்தைக் கூறும் 248 வாக்கியங்கள் உண்டு. எழுத்துகளே எண்களாக நிற்பதால் அவற்றை நூலின்றி ஓதிவிடலாம்.

இம்முறையின் திறத்தைச் சோதித்த பதிவு ஒன்று உள்ளது. சென்னையில் பணியாற்றிய ஜான் வாரன், 1825இல் வெளியிட்ட கால சங்கலிதம் என்னும் நூலில், புதுச்சேரிப் பகுதியைச் சார்ந்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றி எழுதியுள்ளார். அவர் தாளும் எழுதுகோலும் இன்றி, தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடத் தொடர்களை ஓதியபடியே அவ்வாண்டு மே 31, ஜூன் 1 ஆகிய நாள்களுக்கு இடைப்பட்ட இரவில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரத்தில் பிழை 4 நிமிடம். நடுநேரத்தில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம்.

இதன் பொருள் யாது? சந்திர கிரகணம் முழுமதி நிறையும் கணத்தை ஒட்டியே நிகழும். எனவே பௌர்ணமிக் கணக்கின் துல்லியத்தை வானமே காட்டிக் கொடுக்கும் வாய்ப்பு அஃது ஒன்றே. நடுநேரப் பிழை அரை மணிக்கும் குறைவு எனில், பெரும்பாலான ஆண்டுகளில் விழா நாள் மாறாது. ஆனால் 2025இல் நேர்ந்தது போல மீனின் தொடக்கம் அந்தியை ஒட்டி வருமாயின், அரை மணிப் பிழையும் நாளை மாற்ற வல்லது. வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் சில ஆண்டுகளில் வேறுபடுவதற்குக் காரணம் இத்தகைய விளிம்பு நேரங்களே. இரண்டினுள் ஒன்றைக் கோயில் மரபு பற்றி நிற்கும். ஊர் அதனைப் பின்பற்றும்.

வரும் விழாவைத் தாமே அறிய விரும்புவோர் நாள்காட்டியில் மூன்றைப் பார்த்தால் போதும். கார்த்திகைத் திங்களில் பௌர்ணமி எந்நாள் என்று முதலில் காண்க. அதனை ஒட்டி அல்லது அதற்குச் சற்று முன்னர் வரும் கார்த்திகை மீனின் தொடக்க, முடிவு நேரங்களை அடுத்துக் காண்க. அந்நேரத்துள் எந்நாளின் அந்தி அடங்குகிறது என்று இறுதியில் காண்க. அந்த அந்தியே விளக்கீட்டுப் பொழுது.

2026ஆம் ஆண்டு நவம்பர் 24, செவ்வாய்க்கிழமை, இம்மூன்றும் ஒருங்கே பொருந்துகின்றன. திங்கள் பிறந்து எட்டே நாள். மதி அன்று இரவு 8 மணி 23 நிமிடத்திற்குக் கார்த்திகை மீனிலேயே நிறைவுறும். வீடுகளில் பனையோலைக் கொழுக்கட்டை வேகும் அவ்வந்தியில், வானம் தெளிந்திருக்குமாயின், தூத்துக்குடிக் கடற்கரையில் நிற்போர்க்கு நீர்விளிம்பில் முழுமதி எழும். மதியின் ஒளியில் அறுமீன் வெறுங்கண்ணுக்கு மங்கித் தோன்றினும், சிறு தொலைநோக்கி ஒன்றை ஏந்தினால் அம்மதியின் அருகிலேயே அது புலப்படும். நக்கீரர் விழா நாளுக்கு அடையாளமாகக் கூறிய கூட்டம் அதுவே.